எண்பத்து நான்கு கிலோமீட்டர்

கண்ணு,

நேற்று போனில் நீ சிரித்தாய். "இன்னும் அந்த நாலாயிரத்தையே பேசிட்டு இருக்கியாம்மா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாய். பக்கத்தில் யாரோ இருந்தார்கள் போல, அவர்களிடம் ஏதோ இங்கிலீஷில் சொன்னாய், அவர்களும் சிரித்தார்கள். நான் போனை வைத்துவிட்டேன். டவர் போய்விட்டது என்று நீ நினைத்திருப்பாய். டவர் எங்கேயும் போகவில்லை. எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் வாயைத் திறந்தால் எனக்குப் பாதி தமிழும் பாதி கன்னடமுமாக உளறத்தான் வரும் என்று உனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன். ஆவணியில் உனக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் இதை நீ முழுதாகத் தெரிந்துகொண்டாக வேண்டும். பாதி தெரிந்துகொண்டுதான் இவ்வளவு செய்திருக்கிறாய்.

ஊதுபத்தி ஃபேக்டரியில் பேக்கிங் மேசை ஒன்றில் நாங்கள் ஆறு பேர் இருபது வருடத்துக்கு மேல் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வேலை செய்தோம். ஜெயம்மா, செல்வி, ராஜேஸ்வரி, அக்கா தங்கை இரண்டு பேர், நான். ஜெயம்மாவுக்கு வீட்டுப் பேச்சு கன்னடம். எங்களோடு உட்கார்ந்து உட்கார்ந்தே தமிழ் கற்றுக்கொண்டவள். இந்த இருபது வருடத்தில் ஆறு பேரும் சேர்ந்து ஒரு ஊருக்கும் போனதில்லை. ஒருத்திக்கு லீவு கிடைத்தால் இன்னொருத்திக்குக் கிடைக்காது. வேலையை விட்டு நின்ற பிறகுதான் பழனிக்கும் மதுரைக்கும் மூன்று நாள் போய் வருவது என்று பேசி முடித்தோம். ஏழு பேர் உட்காரும் வண்டி ஒன்று, இரண்டு ஊரிலும் இரண்டிரண்டு ரூம். ஆளுக்கு மூவாயிரம் அட்வான்ஸ். மீதியை ஜெயம்மா கையிலிருந்து போட்டுக்கொள்வாள், வந்து பிரித்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. அவளிடம்தான் போனில் பணம் அனுப்பத் தெரியும், பில்லையெல்லாம் பத்திரமாக வைத்துக்கொள்ளவும் தெரியும்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் ராஜேஸ்வரி வரவில்லை என்றாள். நாத்தனார் மருமகளுக்கு வளைகாப்பு, போகாவிட்டால் பேச்சு வரும் என்றாள். சரி, போகட்டும் என்று விட்டோம். வண்டியும் ரூமும் ஆறு பேருக்கென்று பேசியது அப்படியே நின்றது. ஐந்து பேருக்கும் அதே வண்டிதான் வேண்டும், அதே இரண்டு ரூம்தான் வேண்டும். யாரும் அப்போது அதைப் பற்றி யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

பயணம் நன்றாகத்தான் இருந்தது. திம்பம் மலை இறக்கத்தில் தங்கைக்காரி வாந்தி எடுத்ததைத் தவிர குறையில்லை. மூன்றாம் நாள் மதுரையிலிருந்து திரும்பும்போது செல்வி மெதுவாகக் கேட்டாள். தாராபுரத்துக்கு அப்பால் அவளுடைய அண்ணன் பக்கவாதத்தில் படுத்துக் கிடக்கிறார், ஐந்து வருடமாகப் பார்க்கவில்லை, ஒரு எட்டு போய் வரலாமா என்று. டிரைவரையும் கேட்டாள், எங்கள் ஒவ்வொருவரையும் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். எல்லோரும் தலையாட்டினோம். மெயின் ரோட்டிலிருந்து நாற்பத்திரண்டு கிலோமீட்டர் உள்ளே. அண்ணனுக்குப் பேச்சு வரவில்லை, தங்கச்சி கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அண்ணன் பெண்டாட்டி எங்கள் ஐந்து பேருக்கும் டிரைவருக்கும் சோறு போட்டாள். தட்டப்பயறுக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல், கெட்டித் தயிர். வழியில் சாப்பிட்டிருந்தால் எழுநூறு எண்ணூறு ரூபாய் ஆகியிருக்கும். கிளம்பும்போது ஆளுக்கு ஒரு பை கடலைக்காயும் கொடுத்தாள். உன் அப்பா வேகவைத்துத் தின்றாரே, நீ வந்தபோது நீயும் ஒரு கை அள்ளினாயே, அது அந்த வீட்டுக் கடலைக்காய்தான்.

இப்போது உன் பங்குக்கு வருகிறேன். பில்லையெல்லாம் பரப்பி வைத்துக்கொண்டு ஜெயம்மா திண்டாடியபோது, "என் மகன் போட்டுக் கொடுப்பான், போனிலேயே இதற்கு ஒன்று இருக்காம்" என்று சொன்னவள் நான். எல்லாவற்றையும் படம் பிடித்து உனக்கு அனுப்பினேன். நீ ஆபீஸ் வேலைக்கு நடுவே அரை மணி நேரத்தில் போட்டு அனுப்பினாய். வண்டிக்கு எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரம். ரூம் ஆறாயிரம். சாப்பாடு, கோவில் டிக்கெட் எல்லாம் ஆறாயிரம். ஆக முப்பதாயிரம். சில்லறையை ஜெயம்மா அவளாகவே விட்டுவிட்டாள். ராஜேஸ்வரி வரவில்லை, அதனால் அவள் பெயருக்கு நேரே எதுவும் இல்லை, அட்வான்ஸ் மூவாயிரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அண்ணன் ஊருக்குப் போன எண்பத்து நான்கு கிலோமீட்டர் செல்வியின் சொந்த வேலை, கிலோமீட்டருக்குப் பதினேழு ரூபாய் வீதம் ஆயிரத்து நானூற்று இருபத்தெட்டு அவள் தலையில். மீதியை ஐந்தாகப் பிரித்து, எங்களுக்கு ஆளுக்கு ஐயாயிரத்து எழுநூற்றுப் பதினான்கு, செல்விக்கு மட்டும் ஏழாயிரத்து நூற்று நாற்பத்திரண்டு. கலர் கலராகக் கட்டம் போட்டு, யார் யாருக்கு எவ்வளவு என்று அம்புக்குறி போட்டு, எங்கள் வாட்ஸாப் குரூப்பில் நான் போட்டேன். பக்கத்து வீட்டுக்காரியிடமும் காட்டினேன், என் மகன் போட்டது என்று.

அந்த எண்பத்து நான்கு உனக்கு எங்கிருந்து கிடைத்தது என்று ஞாபகம் இருக்கிறதா? என் வாயிலிருந்து. ஊருக்கு வந்த அன்று இடுப்பு வலி என்று உன்னிடம் புலம்பியபோது, "செல்வி அண்ணன் ஊருக்குன்னு போக நாப்பத்திரெண்டு, வர நாப்பத்திரெண்டு, குண்டும் குழியும்" என்று சொன்னேன். சும்மா சொன்னது. நீ அதை எடுத்து விலை போட்டுவிட்டாய். கட்டத்தில் அதைப் பார்த்தபோது எனக்குச் சுருக்கென்றது. அந்த வீட்டில் சாப்பிட்டோமே என்று தோன்றியது. ஆனால் என் மகன் போட்ட கணக்கை நானே எப்படித் தப்பென்று சொல்வது என்று வாயை மூடிக்கொண்டேன். இதில் என் தப்பு அதுதான். சின்னத் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

செல்வி குரூப்பில் பேசி அனுப்பினாள். எழுத அவளுக்கு வராது. "ஏனுங்க்கா, எனக்கு மட்டும் ஏன் ஜாஸ்தியா இருக்குது? கொஞ்சம் பாருங்க" என்று அவ்வளவுதான் கேட்டாள். அக்கா தங்கை இரண்டு பேரும், உன் அண்ணனைப் பார்க்கத்தானே போனோம், அந்தச் செலவை நாங்கள் ஏன் தர வேண்டும் என்று பதில் போட்டார்கள். ராஜேஸ்வரி, அன்றைக்கே மூவாயிரத்தை வாங்கிக்கொண்டவள், கும்பிடுகிற கைப்படம் ஒன்று போட்டாள். ஜெயம்மா கையிலிருந்து பன்னிரண்டாயிரத்துக்கு மேல் போட்டிருந்தாள், ராஜேஸ்வரிக்குத் திருப்பிக் கொடுத்ததையும் சேர்த்தால் பதினைந்து. அது அவள் வீட்டு வாடகைக்கு வைத்திருந்த பணம். அவளுக்கு யார் எவ்வளவு என்பதைவிடப் பணம் திரும்ப வருவதுதான் அவசரம். செல்வி, இரண்டு மாதத்தில் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு குரூப்பை விட்டு வெளியே போனாள். செல்வி இப்போது இங்கே சரஸ்வதிபுரத்தில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சமைக்கிறாள். மாதம் பதினோராயிரம். விடிகாலை நாலரைக்கு அடுப்புப் பற்ற வைக்க வேண்டும். அதையும் உனக்குச் சொல்லி வைக்கிறேன்.

நான் உனக்கு போன் போட்டு, இப்படி ஆகிவிட்டது, எல்லோருக்கும் மனசு கசந்துவிட்டது என்றேன். ஒரு வழி சொல்வாய் என்று நினைத்தேன். நீ பத்து நிமிடத்தில் ஜெயம்மாவின் போனுக்கு நாலாயிரத்து நூற்று நாற்பத்திரண்டு ரூபாய் அனுப்பிவிட்டு, என் போன் வழியாகக் குரூப்பில் போடச் சொல்லி ஒரு வரி அனுப்பினாய்: செல்வி ஆன்ட்டி பாக்கி முடிந்தது, இனி யாரும் இதைப் பேச வேண்டாம். கட்டைவிரல் படம் ஒன்று. அதையும் நான் போட்டேன். அட்வான்ஸ் போக அவள் தர வேண்டியிருந்த பாக்கி முழுதும் அது. அதை நீ கொடுத்துவிட்டாய். உனக்கு அது ஒரு ராத்திரி ஹோட்டல் செலவு.

அவள் உன்னிடம் கேட்டாளா? பணம் இல்லை என்று சொன்னாளா? எனக்கு ஏன் அதிகம் என்று கேட்டாள். அது ஒரு கேள்வி. கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். நீ பதில் சொல்லவில்லை, கேட்டவளைப் பிச்சைக்காரி ஆக்கிவிட்டாய். இனி அவள் வாயைத் திறந்தால், உன் பங்கையே அடுத்தவர் வீட்டுப் பையன் கட்டினானே, உனக்கு என்ன பேச்சு என்று நாலு பேர் கேட்க வழி பண்ணிக் கொடுத்தாய். கணக்கு தப்பாக இருந்தாலும் இனி அது சரிதான், ஏனென்றால் கட்டியாயிற்று. இதை உதவி என்று நீ நினைத்தாய் பார், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நீ பணம் அனுப்பியதை ஜெயம்மா சொல்லித் தெரிந்துகொண்டு, நாலாம் நாள் மத்தியானம் செல்வி நம் வீட்டுக்கு வந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. முந்தானையிலிருந்து ஒரு கவரை எடுத்து டிவி மேசை மேல் வைத்தாள். எட்டு ஐந்நூறு ரூபாய் நோட்டு, ஒரு நூறு, இரண்டு இருபது, ஒரு இரண்டு ரூபாய் நாணயம். ஹாஸ்டலில் சம்பளத்தில் முன்பணம் வாங்கியிருக்கிறாள்.

"எண்ணிப் பாருங்க்கா. உங்க பையனுக்குக் குடுத்துருங்க."

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன், எடுத்துக்கொண்டாள். "அவன் தெரியாம பண்ணிட்டான் செல்வி" என்றேன்.

"தெரியாமலே இருக்கட்டுமுங்க்கா. நான் காசுக்குக் கணக்குக் கேட்டேன். காசு கேக்கல" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் பெண் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரியில் மூன்று நாள் நான் துணைக்கு இருந்தேன். எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது கீழாநெல்லியை அரைத்து டப்பாவில் போட்டுத் தினமும் ஃபேக்டரி விட்டதும் நடந்தே கொண்டுவந்து கொடுத்தவள் அவள். அப்படிப்பட்டவள் என் வீட்டில் தண்ணீர் குடிக்காமல் போனாள்.

உன் அப்பா வேலை முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். சிமெண்டுக்கும் சென்ட்ரிங் பலகைக்கும் தினமும் வண்டி பேசுகிற மனுஷன். முழுதும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "வண்டி ஓடின கிலோமீட்டருக்கா, மினிமமா?" எனக்குப் புரியவில்லை. பில்லைக் கொண்டா என்றார். அதில் தொள்ளாயிரம் கிலோமீட்டர், பதினேழு வீதம் பதினைந்தாயிரத்து முந்நூறு என்று இருந்தது. டிரைவர் பேட்டா நாளைக்கு ஐந்நூறாக ஆயிரத்து ஐந்நூறு. டோலும் பார்க்கிங்கும் ஆயிரத்து இருநூறு. அவர் அந்தத் தொள்ளாயிரத்தைக் காட்டி, "எந்த வண்டியாவது சொல்லி வெச்ச மாதிரி தொள்ளாயிரத்துல வந்து நிக்குமா?" என்று கேட்டார். அந்தப் பில்லை நீயும் பார்த்தாய். நானும் பார்த்தேன். நமக்குத் தோன்றவில்லை.

மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற அந்த டிராவல்ஸ் ஆபீஸுக்குப் போனேன். டிரிப் ஷீட்டைப் பார்க்க வேண்டும் என்றேன். அங்கிருந்த பையன் முதலில் பணம் திருப்பிக் கேட்க வந்திருக்கிறேன் என்று பயந்தான். பணம் ஏதும் கேட்கவில்லையப்பா, காட்டு என்று கன்னடத்தில் சொன்னதும் எடுத்துக் கொடுத்தான். வண்டி அவர்கள் ஷெட்டை விட்டுக் கிளம்பும்போது மீட்டரில் என்ன இருந்தது, மறுபடி ஷெட்டுக்கு வந்து நின்றபோது என்ன இருந்தது, இரண்டும் எழுதியிருந்தது. கீழே ஜெயம்மாவின் கையெழுத்து. படிக்காமல் போட்டிருக்கிறாள், களைப்பு. கழித்துப் பார்த்தால் எண்ணூற்று அறுபத்து நான்கு. அப்புறம் ஏன் தொள்ளாயிரம் என்று கேட்டேன். வெளியூர் வண்டிக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது முந்நூறு கிலோமீட்டர், மூன்று நாளைக்குத் தொள்ளாயிரம், அதற்குள் எவ்வளவு ஓடினாலும் தொள்ளாயிரத்துக்குப் பணம் கட்ட வேண்டும், தாண்டினால்தான் தாண்டிய கிலோமீட்டருக்குத் தனி என்று விளக்கினான். அண்ணன் ஊருக்குப் போகாமல் நேரே வந்திருந்தால் எழுநூற்று எண்பதுதான் ஓடியிருக்கும், அப்போது பில் எவ்வளவு என்று கேட்டேன். அதே பில்தான் மேடம், ஒரு ரூபாயும் குறையாது என்றான்.

புரிகிறதா கண்ணு? அந்த எண்பத்து நான்கு கிலோமீட்டருக்கு யாரும் ஒரு பைசா அதிகம் கொடுக்கவில்லை. அந்த ரோட்டில் டோல்கூட இல்லை. நாங்கள் எப்படியும் காசு கொடுத்துவிட்டு ஓட்டாமல் விட்டிருக்கப்போகிற தூரம் அது. அதற்கு மேலும் முப்பத்தாறு கிலோமீட்டர் மிச்சம் இருந்தது. ஆகாத செலவுக்கு ஆயிரத்து நானூற்று இருபத்தெட்டு ரூபாய் என்று நீ ஒரு விலை போட்டாய், அதை அந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்த நாங்கள் சரி என்றோம். அந்த ஷீட்டை ஒரு ஜெராக்ஸ் எடுத்து வாங்கிக்கொண்டுதான் ஆபீஸை விட்டு வெளியே வந்தேன்.

அதோடு உன் இன்னொரு தப்பும் அங்கேதான் எனக்கு விளங்கியது. வண்டிக்கு ஆள் கணக்கே கிடையாது. ஐந்து பேர் போனாலும் ஆறு பேர் போனாலும் பதினெட்டாயிரம்தான். ரூமும் அப்படியே. சாப்பாடு மட்டும்தான் வாய்க்கு ஏற்றபடி கூடும் குறையும். ராஜேஸ்வரியையும் சேர்த்து ஆறு பேர் என்றுதான் அந்த வண்டியையும் ரூமையும் பேசினோம். கடைசி நேரத்தில் வராமல் போனவள் சாப்பாட்டுக்குத் தர வேண்டாம், நியாயம். வண்டியிலும் ரூமிலும் அவள் பங்கை மற்றவர்கள் சுமக்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? உன் போனில் இருக்கிற அந்தக் கணக்கு, வந்தார்களா இல்லையா என்று மட்டும் கேட்கும் போல. எதற்கு வரவில்லை, எப்போது சொன்னாள் என்று அது கேட்காது. கேட்டிருக்க வேண்டியவன் நீ.

ராஜேஸ்வரியின் வீட்டுக்கு நேரே போனேன். என்.ஆர். மொஹல்லாவில் மாடி வீடு, மகன் புதுக் கார் வாங்கியிருக்கிறான். விஷயத்தைச் சொன்னதும் அவளுக்கு முகம் மாறிவிட்டது.

"நான் ஏறாத வண்டிக்கு நான் ஏங்க்கா குடுக்கணும்?"

"பஸ்ல சீட் புக் பண்ணிட்டுப் போகலைன்னா, காசைத் திருப்பித் தான்னு கண்டக்டர்கிட்ட நிப்பியா?"

"அது பஸ்ஸு. நாம ஃபிரெண்ட்ஸு."

"செல்வியும் ஃபிரெண்டுதான். அவகிட்ட வாங்கினோமே" என்றேன். அவள் லேசில் இறங்கவில்லை. வளைகாப்புக்கு மொய் எழுதிய கதை, மகனின் கார் தவணைக் கதை எல்லாம் சொன்னாள். நான் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஜெயம்மா வீட்டில் எல்லோரையும் கூட்டினேன். செல்வி வரவில்லை. டிரிப் ஷீட்டின் ஜெராக்ஸை நடுவில் வைத்து, எழுநூற்று எண்பது, எண்ணூற்று அறுபத்து நான்கு, தொள்ளாயிரம் என்று மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டினேன். தங்கைக்காரிக்கு முதலில் புரிந்தது. "ஐயோ, அந்த வீட்டுக் குழம்பும் தயிரும் தின்னுட்டு வந்தமே" என்று அக்காவைப் பார்த்தாள். ஜெயம்மா ஷீட்டில் தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தப்பாய்த்து" என்று கன்னடத்தில் ஒரே வார்த்தை சொன்னாள். தப்பாகிவிட்டது.

சரியாகப் போட்டால் ராஜேஸ்வரி வண்டிக்கு மூவாயிரம், ரூமுக்கு ஆயிரம், ஆக நாலாயிரம் தர வேண்டும். நாங்கள் ஐந்து பேரும் அதற்கு மேல் சாப்பாட்டுக்கு ஆயிரத்து இருநூறு சேர்த்து ஆளுக்கு ஐயாயிரத்து இருநூறு. ராஜேஸ்வரி, திருப்பி வாங்கின அட்வான்ஸ் மூவாயிரத்தை வைத்துவிடுகிறேன், அதற்கு மேல் ஒரு ரூபாய் தர மாட்டேன் என்று எழுந்துவிட்டாள். அந்த ஆயிரத்துக்காக இன்னொரு சண்டை போட எங்களில் யாருக்கும் தெம்பில்லை. ஐந்து பேரும் இருநூறு இருநூறு ஏற்றுக்கொண்டு, ஆளுக்கு ஐயாயிரத்து நானூறு என்று முடித்தோம். முழு நியாயம் இல்லை, எனக்கும் தெரியும். ஆனால் கணக்கு எல்லோர் கண் முன்னாலும் நடந்தது, எதற்கு எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் நாலு பேருக்கும் ஆளுக்கு முந்நூற்றுப் பதினான்கு திரும்பி வந்தது. செல்விக்கு ஆயிரத்து எழுநூற்று நாற்பத்திரண்டு.

அதைக் கொண்டுபோய்க் கொடுக்க ஜெயம்மாவும் நானும் போனோம். ஹாஸ்டல் பின்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஜெயம்மா ஷீட்டை விரித்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். செல்வி கையைத் துடைத்துக்கொண்டு முழுதும் கேட்டாள். தொள்ளாயிரம் எப்படி வந்தது என்று இரண்டு தடவை கேட்டுப் புரிந்துகொண்டாள். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டாள். "இதத்தான் அன்னைக்கே கேட்டேன்" என்றாள். அழவில்லை, சண்டையும் போடவில்லை. எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். திரும்பக் குரூப்பில் சேர்க்கட்டுமா என்று ஜெயம்மா கேட்டதற்கு மட்டும், "பேடக்கா" என்றாள். வேண்டாமாம்.

உன்னைத் திட்டி எழுத உட்கார்ந்தேன், ஆனால் என் வயசுக்கு இப்போதெல்லாம் ஒன்றை யோசித்தால் அது என்னையும் சேர்த்துத்தான் முடிகிறது. நீ மூன்றாம் வருடம் படிக்கும்போது கோவா போனாய். வேறொரு பையன் வாடகை பைக்கைக் கீழே போட்டுக் கண்ணாடியும் ஹெட்லைட்டும் உடைந்தது. கடைக்காரன் டெபாசிட்டைப் பிடித்துக்கொண்டான். அதை எட்டு பேர் தலையிலும் போட்டார்கள். நீ அந்த பைக்கைத் தொடவே இல்லை. அழுதுகொண்டே போன் பண்ணினாய், நான் ஏம்மா தரணும் என்று கேட்டாய். உன் அப்பா, கேட்கட்டும் விடு, நியாயத்தைப் பேசிப் பழகட்டும் என்றார். நான்தான் சீட்டுப் பணத்தை உடைத்து உன் கணக்கில் போட்டு, "குடுத்துத் தொலைச்சுட்டு வாயை மூடிட்டு வா, நாலு பேர் முன்னால நமக்கெதுக்குக் காசுப் பேச்சு" என்றேன். பணக்காரப் பிள்ளைகள் நடுவில் கூலிக்காரி மகன் கணக்குப் பேசுகிறான் என்று பெயர் வரக்கூடாது என்று எனக்குப் பயம். அன்றைக்கு நீ கேட்ட கேள்வியைப் பணம் போட்டு அடைத்தவள் நான். நீ செல்விக்குச் செய்தது அதே வேலை, அவ்வளவுதான். என்னிடம் அப்போது பணம் இல்லை, இப்போது உன்னிடம் இருக்கிறது, அந்த வித்தியாசம் மட்டும்தான். அன்று நான் சொன்னது தப்பு. இத்தனை வருடம் கழித்து எழுதித் தருகிறேன், வைத்துக்கொள்.

ஆனால் என் தப்பு உனக்குச் சாக்கு ஆகாது. உனக்கு முப்பது வயது ஆகிறது. நாளைக்கு ஒரு பெண் உன் வீட்டுக்கு வரப்போகிறாள். எனக்கு ஏன் இப்படி என்று அவள் ஒரு நாள் உன்னைக் கேட்பாள். பணத்தைப் பற்றியும் இருக்கலாம், வேறு எதைப் பற்றியும் இருக்கலாம். அப்போது நீ போனை எடுத்து அவள் கணக்கில் எதையாவது அனுப்பிவிட்டு, முடிந்தது, பேச வேண்டாம் என்பாயோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. உட்கார்ந்து கேட்கப் பழகு. பில்லை எடுத்துப் பார். தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கேள். நீ போட்டது தப்பென்றால் தப்பென்று சொல்.

செல்வி கொடுத்த நாலாயிரத்து நூற்று நாற்பத்திரண்டும் அந்தக் கவரிலேயே இருக்கிறது. உனக்கு போனில் அனுப்ப மாட்டேன். வந்து கையால் வாங்கிக்கொள். சம்பள முன்பணமாக வாங்கிய நோட்டு எப்படி இருக்கும் என்று நீ பார்க்க வேண்டும்.

கல்யாணப் பத்திரிகை நூற்றைம்பது வந்துவிட்டது. ஃபேக்டரிக்காரர்களுக்கு எல்லாம் நான் பெயர் எழுதிவிட்டேன், ஒன்றைத் தவிர. அதை நீதான் எழுத வேண்டும், தமிழில், உன் கையெழுத்தில். இந்த ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து வா. சரஸ்வதிபுரத்தில் ஹாஸ்டல் எங்கே என்று ஜெயம்மா காட்டுவாள். நான் வர மாட்டேன். மத்தியானச் சமையல் முடிந்து இரண்டு மணிக்கு மேல்தான் அவளுக்குக் கை ஒழியும், அதுவரை வெளியே நில். ஸ்வீட் பெட்டி, புடவை ஒன்றும் கொண்டுபோகாதே. அம்மா சொன்னாள் என்று என்னை இழுக்காதே. பில்லைச் சரியாகப் பார்க்காமல் உங்கள் பெயரில் எழுதிவிட்டேன், நீங்கள் கேட்டபோது பதில் சொல்லாமல் பணத்தை அனுப்பினேன், இரண்டும் தப்பு என்று சொல். அப்புறம் பத்திரிகையைக் கொடு.

அவள் வாங்காமலும் போகலாம். வாங்காவிட்டால் என்னிடம் வந்து சொல்லாதே. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போ.

அம்மா